குறுகலான சாலையில் 8 நிமிட லாபம்: மேப் சொல்வதை எப்படி எடைபோடுவது

கேள்வி: மேப் ஆப் காட்டுகிற விரைவான வழி பல தடவை நான் பார்த்தே இராத குறுகலான சாலைகளுக்குள் போகிறது. மெயின் ரோட்டை விட 8 நிமிடம் குறைவு என்கிறது. நம்பிப் போகலாமா, எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

அந்த 8 நிமிடம் எங்கே மிச்சமாகிறது என்று முதலில் பாருங்கள். அநேகமாக முழு மிச்சமும் அந்தக் குறுகலான பகுதியில்தான் இருக்கும். தூரம் குறைகிறது, அந்தக் குறைந்த தூரத்தை இன்ன வேகத்தில் கடந்துவிடுவீர்கள் என்று ஆப் வைத்துக்கொள்கிறது, லாபம் வந்துவிடுகிறது. ஆகவே "இந்த ஆப்பை நம்பலாமா" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. "அந்தச் சாலையில் ஆப் நினைக்கிற வேகத்தில் நான் போவேனா" என்று கேட்டால் கிடைக்கும். அந்த வேகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், இரண்டு நிமிட வேலை. நான் பல வருடங்களாக, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற மேப்பில் சாலைகளைத் திருத்திவருகிறேன், அதே சாலைகளில் காரும் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குக் கைகொடுப்பது இந்தக் கணக்குதான்.

கணக்குக்கு முன்னால், ஆப் அந்த வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆப்பைப் பொறுத்தவரை சாலைகள் என்பவை சந்திப்புகளை இணைக்கிற கோடுகள். ஒவ்வொரு கோட்டுத் துண்டுக்கும் இத்தனை நொடி என்று ஒரு எண் இருக்கும். புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை எந்தத் துண்டுகளைக் கோத்தால் மொத்த நொடி குறைவாக வருகிறதோ, அதுதான் "விரைவான வழி". இதைத் தேடுகிற முறைக்கு அடிப்படையை டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1959-லேயே எழுதிவிட்டார். இன்றைய ஆப்கள் அதை மிக வேகமாகச் செய்கின்றன, அவ்வளவுதான். தேடலில் தப்பு வருவது அபூர்வம். தப்பு வருவதெல்லாம் அந்த நொடிகளில்.

நொடிகள் பெரும்பாலும் மற்றவர்களின் போன்களிலிருந்து வருகின்றன. ஒரு சாலையில் போகிற போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைச் சேர்த்து வைத்து, கிழமைக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி சராசரி எடுக்கிறார்கள். மெயின் ரோட்டில் ஒரு மணி நேரத்தில் அத்தனை வண்டிகள் போகும்போது இந்தச் சராசரி நன்றாக நிற்கும். சந்து போன்ற சாலையில் அந்த மணி நேரத்தில் யாருமே போகாமல் இருக்கலாம். அப்போது வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதாவது சாலையின் வகை, வேக வரம்பு, அக்கம்பக்கத்துச் சாலைகள்.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பது வெளியே முழுதாகத் தெரியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து வழி போடுகிற, திறந்த மூலத்தில் இருக்கிற ஓ.எஸ்.ஆர்.எம். என்ற வழிகாட்டி நிரலில் இதை நேரடியாகவே பார்க்கலாம். அதன் `car.lua` கோப்பில் சாலை வகைக்கு ஒரு வேகம் எழுதி வைத்திருக்கிறார்கள்:

```
primary     = 65,
secondary   = 55,
tertiary    = 40,
residential = 25,
```

எண்கள் மணிக்கு கிலோமீட்டரில். `tertiary` என்ற வகையை ஒரு சாலைக்குக் கொடுப்பது என்னைப் போன்ற தன்னார்வலர்கள். அதைக் கொடுக்கும்போது நாங்கள் பார்ப்பது அந்தச் சாலை எவ்வளவு முக்கியம் என்பதை. இரண்டு ஊர்களை இணைக்கிற ஒரே சாலை என்றால், மூன்று மீட்டர் அகலம்தான் இருந்தாலும் அதற்கு அந்த வகை கிடைத்துவிடலாம். அகலத்தையும் தரையின் தன்மையையும் பதிவு செய்யத் தனி இடங்கள் இருக்கின்றன. யாராவது நிரப்பியிருந்தால் நிரல் அவற்றையும் கணக்கில் எடுக்கும். நான் திருத்துகிற பகுதிகளில் பெரும்பாலான சிறு சாலைகளுக்கு அவை காலியாகத்தான் கிடக்கின்றன. காலியாக இருந்தால் 40 என்ற எண் அப்படியே நிற்கும்.

கூகுள் மேப்ஸ் 2024-ல் இந்தியாவின் 8 நகரங்களில், காரில் போகிறவர்களுக்குக் குறுகலான சாலைகளைத் தவிர்க்கிற வசதியைக் கொண்டுவந்தது. சாட்டிலைட் படம், ஸ்ட்ரீட் வியூ எனும் தெருப்படம், கட்டடங்களுக்கு இடையிலான தூரம் போன்றவற்றை வைத்து சாலையின் அகலத்தைக் கணிக்கிறார்கள். அகலத்தை இப்படிச் சுற்றி வளைத்துக் கணிக்க வேண்டியிருக்கிறது என்றாலே, சாலைத் தகவலில் அது நேராக இல்லை என்றுதானே அர்த்தம்?

இன்னொன்றும் இருக்கிறது. குறுகலான சாலையில் கொஞ்சம் போன்கள் போயிருந்தாலும், அவை யாருடைய போன்கள் என்று யோசியுங்கள். அங்கேயே வாழ்கிறவர்கள். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த வீட்டு வாசலில் ஒதுங்க இடம் இருக்கிறது என்று அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பலர் டூவீலரில் வேறு போகிறார்கள். அவர்கள் எடுக்கிற நேரத்தை அங்கே முதல்முறை காரில் வருகிறவர் எடுக்க முடியாது. அதாவது ஆப் பொய் சொல்லவில்லை, வேறொருவருடைய நேரத்தை உங்களிடம் சொல்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் வழிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெயின் ரோடு வழியாக 58 கிலோமீட்டர், 66 நிமிடம். ஆப் பரிந்துரைக்கிற வழி 47 கிலோமீட்டர், 58 நிமிடம். வித்தியாசம் 8 நிமிடம். அந்த வழியைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு பகுதி மட்டும் மெல்லிய கோடாக நெளிந்து போகிறது. அந்தப் பகுதி தொடங்குகிற இடத்தைப் புறப்படும் இடமாகவும், முடிகிற இடத்தைச் சேரும் இடமாகவும் வைத்து ஆப்பில் தனியாகத் தேடிப்பாருங்கள். 14 கிலோமீட்டர், 21 நிமிடம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ 21-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 40 கிலோமீட்டர். இதுதான் ஆப் உங்களிடம் எதிர்பார்க்கிற வேகம். சராசரி வேகம் என்பதைக் கவனியுங்கள். வளைவில் 20-க்கு இறங்கினால், 40 வருவதற்கு வேறு எங்காவது 50, 60 போயாக வேண்டும்.

அடுத்து, லாபமே இல்லாமல் போகிற வேகத்தைக் கண்டுபிடியுங்கள். இதைச் சமவேகம் என்று வைத்துக்கொள்வோம். பரிந்துரைத்த வழியில் குறுகலான பகுதி போக மீதிக்கு 58 கழித்தல் 21, அதாவது 37 நிமிடம். மெயின் ரோடு வழி 66 நிமிடம். 66-இல் 37 போனால் 29 நிமிடம் மிச்சம். 14 கிலோமீட்டரை 29 நிமிடத்தில் கடந்தால் வேகம் ஏறக்குறைய 29. ஆக, அந்தச் சாலையில் உங்கள் சராசரி 29-க்குக் கீழே போனால் மெயின் ரோட்டிலேயே போயிருக்கலாம்.

இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன: ஆப் எதிர்பார்ப்பது 40, சமவேகம் 29. இனித் தெரிய வேண்டியது உங்கள் சொந்த வேகம். இதை மனதுக்குத் தோன்றியபடி சொல்லக் கூடாது. எல்லோரும் தங்கள் வேகத்தைக் கூட்டித்தான் நினைக்கிறோம். ஒற்றை வண்டி மட்டும் போகிற அகலமுள்ள சாலையில் உங்கள் வேகத்தை முடிவு செய்வது எஞ்சினும் இல்லை, தைரியமும் இல்லை. முன்னால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான்.

காரணம் எளியது. அகலமான சாலையில், தெரிகிற தூரத்துக்குள் நீங்கள் நின்றால் போதும். ஒற்றைத் தடத்தில் எதிரே வருகிறவரும் அதே தடத்தில் வருகிறார், அவரும் நிற்க வேண்டும். ஆகவே தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நீங்கள் நின்றாக வேண்டும். மணிக்கு 40-இல் போகும்போது, கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதிலேயே சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த தாரில் இன்னும் 12 மீட்டர். மொத்தம் 29. இரண்டு வண்டிக்கும் சேர்த்து 58 மீட்டர் தெரிந்தால்தான் 40-இல் போகலாம். 30-இல் போனால் ஒரு வண்டிக்கு 19 மீட்டர்தான், இரண்டுக்கும் 40 மீட்டருக்குள் அடங்கும். 20 என்றால் இரண்டுக்குமே 25 மீட்டர் போதும். இருபுறமும் சுவரோ வேலியோ நிற்கிற சாலையில் ஒரு வளைவுக்கு முன்னால் 25 மீட்டருக்கு மேல் தெரியாது. அங்கே 20 கிலோமீட்டர் என்பது பயந்தவர் வேகம் இல்லை, சரியான வேகம். மழை பெய்து தரை நனைந்திருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

இதை மேப்பில் உட்கார்ந்தபடியே மதிப்பிடலாம். சாட்டிலைட் படத்தை வைத்து அந்த 14 கிலோமீட்டரையும் மேலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நேராகத் திறந்த வெளியில் போகிற பகுதி எவ்வளவு, மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே நெளிகிற பகுதி எவ்வளவு என்று மட்டும் பிரியுங்கள். நம் உதாரணத்தில் 9 கிலோமீட்டர் திறந்தவெளி, 5 கிலோமீட்டர் நெளிவு என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் 35 வேகம் என்றால் 15 நிமிடம் ஆகும். நெளிவில் 20 என்றால் இன்னொரு 15 நிமிடம். ஆகக் கூடி 30. எதிரே ஒரு வண்டிகூட வராமலேயே சமவேகத்தைத் தவறவிட்டுவிட்டோம்.

எதிரே வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆப் தருகிற நேரத்துக்கும் உண்மைக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழுகிற இடம் அதுதான். பிரிட்டனில் 2007-ல் வந்த தெரு வடிவமைப்புக் கையேட்டில் எளிமையான அளவுகள் இருக்கின்றன. இரண்டு கார்கள் மெதுவாக ஒன்றையொன்று கடக்க 4.1 மீட்டர் வேண்டும். ஒரு காரும் ஒரு பெரிய வண்டியும் என்றால் 4.8 மீட்டர். இரண்டு பெரிய வண்டிகள் என்றால் 5.5 மீட்டர். இதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது அந்த 4 மீட்டரை. அதற்குக் கீழே போனால் யாராவது ஒருவர் ஒதுங்கியாக வேண்டும்.

அகலத்தை அளக்க மேப்பிலேயே வழி இருக்கிறது. கூகுள் மேப்ஸில் சாலையின் ஒரு ஓரத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வருகிற பட்டியலில் `Measure distance` என்பதைத் தட்டி, மறு ஓரம் வரை கோடு இழுக்கலாம். அரை மீட்டர் முன்னே பின்னே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, படத்தில் அந்தச் சாலையிலேயே நிற்கிற ஒரு காரைத் தேடுவது. சாதாரணக் கார் 1.8 மீட்டர் அகலம் இருக்கும், பக்கக் கண்ணாடிகளோடு 2 மீட்டர். அந்தக் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் நிற்க இடம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், எண்ணே வேண்டாம். மரநிழல் சாலையை மூடியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது தெருப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது எந்த வருடம் எடுத்தது என்று திரையில் போட்டிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். படமெடுக்கிற கார் அந்தச் சாலையில் போயிருக்கிறது என்பதே ஒரு நல்ல செய்தி.

குறுகலான சாலையில் ஒதுங்கும் இடங்கள் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று இருக்கின்றன என்பதையும் படத்திலேயே எண்ணலாம். வீட்டு வாசல், வயலுக்குள் வண்டி இறங்குகிற இடம், கிளைச் சாலையின் வாய், எல்லாமே ஒதுங்கும் இடம்தான். 300 மீட்டருக்கு ஒன்று என்றால், நடுவில் எதிரெதிரே சந்தித்தால் யாராவது 150 மீட்டர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பழக்கமில்லாத சாலையில் ரிவர்ஸ் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் இருந்தாலே நல்லது. 150 மீட்டருக்கு 108 நொடி ஆகும், ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆக, ஒரு சந்திப்புக்கு இரண்டு நிமிடம் செலவு. ஆப் சொன்ன 8 நிமிட லாபம் நான்கே சந்திப்பில் தீர்ந்துவிடும். நம் உதாரணத்தில் இரண்டு வண்டிகள் எதிரே வந்ததாக வைத்தாலும், 30 நிமிடம் 34 ஆகி, மொத்தப் பயணம் 71 நிமிடத்துக்குப் போய்விடுகிறது. மெயின் ரோட்டை விட 5 நிமிடம் அதிகம். இந்த வழியை நான் எடுக்க மாட்டேன்.

அதற்காகக் குறுகலான சாலை என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே கணக்கை இன்னொரு வழிக்குப் போட்டுப் பாருங்கள். மெயின் ரோட்டில் பெரிய சுற்று இருக்கிறது, அதை 2 கிலோமீட்டர் குறுகலான சாலை ஒன்று வெட்டிச் செல்கிறது, மிச்சம் 12 நிமிடம். அந்த 2 கிலோமீட்டருக்கு ஆப் 3 நிமிடம் தருகிறது, அதுவும் 40 வேகம்தான். நீங்கள் 15 வேகத்தில் ஊர்ந்தால்கூட 8 நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். 5 நிமிடம் இழந்தும் 7 நிமிடம் கையில் நிற்கிறது. ஒருமுறை ரிவர்ஸ் எடுத்தாலும் 5 நிமிடம் மிச்சம். வண்டி போகிற அகலமும் தரையும் இருந்தால் தயங்காமல் போகலாம். இரண்டு வழியிலும் ஆப்பின் ஊகம் ஒரே அளவுக்குத் தப்பு. முதல் வழியில் தப்பு 14 கிலோமீட்டருக்கு நீள்கிறது, இரண்டாவதில் 2 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. குறுகலான பகுதியின் நீளத்தையும் மிச்சமாகிற நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், பல தடவை காகிதமே தேவைப்படாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சாலையை ஆப் எப்போதும் காட்டுகிறதா, இன்றைக்கு மட்டும் காட்டுகிறதா? இரண்டும் வேறு வேறு. புறப்படும் நேரத்தை விடியற்காலை 4 மணி என்று மாற்றித் தேடிப்பாருங்கள். அப்போதும் அதே வழி வந்தால், தூரம் குறைவு என்பதால் வருகிறது, மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். 4 மணிக்கு மெயின் ரோட்டைக் காட்டிவிட்டு இப்போது மட்டும் சந்துக்குள் அனுப்பினால், மெயின் ரோட்டில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த ஆலோசனை உங்களுக்கு மட்டும் வரவில்லை. பின்னால் நிற்கிற அத்தனை வண்டிகளுக்கும் வந்திருக்கிறது.

2019 ஜூனில் அமெரிக்காவில் டென்வர் விமான நிலையத்துக்குப் போகிற பெரிய சாலையில் ஒரு விபத்து நடந்தது. கூகுள் மேப்ஸ் வண்டிகளை ஒரு மாற்று வழிக்குத் திருப்பியது. அந்த வழி மண் சாலையில் போய் முடிந்தது, மழையில் அது சேறாகியிருந்தது. முன்னால் போன கார்கள் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்தவை திரும்ப இடமில்லாமல் நிற்க, கிட்டத்தட்ட 100 கார்கள் அங்கே மாட்டிக்கொண்டன. ஆப்புக்குத் தெரிந்தது அங்கே ஒரு சாலை இருக்கிறது என்பது. நேற்று பெய்த மழை அதற்குத் தெரியாது. முன்னால் கார்கள் போகின்றன என்பதை வைத்துச் சாலை சரியாக இருக்கும் என்று நினைப்பதும் இதனால்தான் பலிக்காது. அவர்களும் அதே ஆப்பைப் பார்த்து வந்தவர்கள்.

ஆகவே திடீர் மாற்று வழி குறுகலான சாலைக்குள் போனால் நான் இரட்டிப்பு லாபம் கேட்பேன். சும்மா இருக்கும்போது 10 நிமிட மிச்சத்துக்காகப் போவேன் என்றால், இப்போது 20 நிமிடம் காட்டினால்தான் திரும்புவேன். நூறு வண்டிகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் 300 மீட்டருக்கு ஒன்று என்ற ஒதுங்கும் இடமெல்லாம் கணக்கிலேயே வராது. எதிர்த்திசையிலிருந்தும் இன்னொரு வரிசை வந்துகொண்டிருக்கும். அந்த நெரிசல் ஆப்பில் சிவப்பாகத் தெரிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அந்தச் சில நிமிடத்துக்குள் நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள்.

ஆப்பின் அமைப்புகளில் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். முதலில், மேலே இருக்கிற வண்டிப் படம் காரா, டூவீலரா? டூவீலர் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்து காரில் புறப்பட்டவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் காருக்கு நுழைய முடியாத சந்துகளும் வரும். அடுத்து, வழிக்குப் பக்கத்தில் பச்சை இலை போட்டிருக்கிறதா? இலை போட்டது எரிபொருள் மிச்சமாகும் என்று ஆப் நினைக்கிற வழி, அதுவேதான் விரைவான வழியாக இருக்க வேண்டும் என்று இல்லை. வேஸ் ஆப்பில் மண் சாலைகளை அறவே தவிர்க்கவோ, நீளமானவற்றை மட்டும் தவிர்க்கவோ சொல்லலாம். தார் போட்ட குறுகலான சாலையை அது தடுக்காது, ஆனால் டென்வரில் நடந்த மாதிரியான தொல்லையைப் பெரும்பாலும் தடுக்கும்.

டிராஃபிக் நிறத்தையும் போட்டுப் பாருங்கள். குறுகலான சாலை பச்சையாகவோ ஆரஞ்சாகவோ தெரிந்தால், அங்கே வண்டிகள் போய் வருகின்றன, நேரத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. நிறமே இல்லாமல் வெறும் கோடாக இருந்தால் அந்த நிமிடங்களை ஊகம் என்றே எடுத்துக்கொள்வேன். இது உறுதியான சோதனை இல்லை, ஆனால் ஒரு நொடியில் முடிகிற சோதனை.

மெயின் ரோட்டில் போவது என்று முடிவு செய்த பிறகும் ஆப் சும்மா இருக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் உங்களை மறுபடி அந்தச் சந்துக்கே இழுக்கும். சில சமயம் "இன்னும் விரைவான வழி" என்று காட்டி, நீங்கள் மறுக்காவிட்டால் தானாகவே மாறிவிடும். ஓட்டிக்கொண்டே அதோடு போராடக் கூடாது. புறப்படும் முன்பே `Add stop` மூலமாக மெயின் ரோட்டில், சந்துக்குத் திரும்புகிற இடத்தைத் தாண்டிய ஒரு இடத்தை நடுவில் சேர்த்துவிடுங்கள். ஆப் அந்த இடத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்பதால் வழி மாறாது. இடத்தைச் சாலையின் மேலேயே, நீங்கள் போகிற திசையில் வையுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் மேல் வைத்தால் அங்கே உள்ளே போய் வரச் சொல்லும்.

அப்புறம், குறுகலான வழியே சரி என்று முடிவு செய்து திருப்பத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சாலையே உங்களோடு பேசும், அதற்கு ஆப்பை விட அதிக மதிப்பு கொடுங்கள். தாரின் நடுவில் புல் முளைத்திருந்தால் அங்கே நாலு சக்கர வண்டி குறைவாகத்தான் போகிறது. தாரின் ஓரம் உடைந்து, பக்கத்து மண்ணில் சக்கரத் தடம் அழுத்தமாக இருந்தால், வண்டிகள் அங்கே ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன, அதாவது எதிரே வண்டி வருவது வழக்கம். இது கெட்ட செய்தி இல்லை, ஒதுங்க முடிகிறது என்றும் தெரிகிறதே. மண்ணில் இருக்கிற தடமெல்லாம் ஒற்றைச் சக்கரத் தடமாகவே இருந்தால், காரில் முதலில் போகிறவர் நீங்களாக இருக்கக் கூடும். பஸ் நிறுத்தம் தெரிந்தால் நிம்மதியாகப் போகலாம், பஸ் போகிற இடத்தில் கார் போகும்.

ஒருமுறை நான் இதைக் கவனிக்காமல் விட்டேன். இருபுறமும் கற்சுவர், நடுவில் புல், மாலை மங்கிய நேரம். 6 நிமிடம் மிச்சம் என்று ஆப் சொன்னது. முதல் வளைவிலேயே வேண்டாம் என்று மனம் சொன்னது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று போனேன். மூன்றாவது வளைவில் ஒரு டிராக்டர், பின்னால் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர். டிரெய்லரோடு அவர் ரிவர்ஸ் எடுக்க முடியாது, நான்தான் எடுக்க வேண்டும். அந்த டிராக்டர்காரர் இறங்கி வந்து, "பதறாதீங்க தம்பி, நான் பாத்துக்கிறேன், மெதுவா வாங்க" என்று வழி காட்டினார். 200 மீட்டருக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது, இடது பக்கக் கண்ணாடி சுவரில் உரசிப் பெயர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு: முதல் வளைவுக்கு முன்னாலேயே சாலை நான் படத்தில் பார்த்ததை விட மோசமாக இருந்தால், திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பிவிடுவேன். அந்த இடத்தில் திரும்ப ஒரு நிமிடம் போகும். மூன்றாவது வளைவில் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது.

இரவில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். ஹெட்லைட் வெளிச்சம் வளைவுக்கு அப்பால் வளையாது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் முன்கூட்டியே தெரிவது ஒரு வசதிதான், ஆனால் விளக்கில்லாத சைக்கிளும் நடந்து போகிறவரும் ஆடுமாடும் தெரியாது. போன் சிக்னலும் சில இடங்களில் போய்விடும். ஆப் ஏற்கெனவே போட்ட வழியைக் காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புது வழி போடத் திணறும். அந்தப் பகுதியின் மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்திருந்தால் இந்தக் கவலை பெருமளவு தீரும். போன் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே 5 மீட்டர் வரை முன்னே பின்னே காட்டும், மரங்களுக்கும் சுவர்களுக்கும் நடுவில் இன்னும் அதிகம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சந்துகள் பிரிந்தால் எதில் நிற்கிறீர்கள் என்று அதற்கே குழப்பம் வரும். திருப்பங்கள் நெருக்கமாக இருக்கிற வழியை இரவில் முதல்முறை போவதற்கு நான் எவ்வளவு மிச்சம் என்றாலும் ஒப்புக்கொள்வதில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இதைச் செய்தால் அடுத்த முறை கணக்கு இன்னும் சுலபமாகும். குறுகலான பகுதிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கடிகாரத்தைப் பாருங்கள், கூட யாராவது இருந்தால் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த நேரத்தை ஆப் அந்தப் பகுதிக்குச் சொன்ன நேரத்தால் வகுத்துக் குறித்து வையுங்கள். நாலைந்து பயணத்துக்குப் பிறகு உங்களுக்கென்று ஒரு எண் நின்றுவிடும். எனக்கு அது பகலில் 1.4 பக்கம் இருக்கிறது, மழையில் 1.7. ஆப் குறுகலான சாலைக்கு 10 நிமிடம் என்றால் நான் 14 என்று வாசிக்கிறேன். முதல் உதாரணத்தின் 21 நிமிடம் என் கையில் 29 நிமிடம், அதாவது மிகச் சரியாகச் சமவேகம். அதனால்தான் அந்த வழியில் எனக்கு லாபம் எதுவும் இல்லை. உங்களுடைய எண் 1.2 என்று வந்தால் அதே 21 நிமிடம் உங்களுக்கு 25 ஆகும், 4 நிமிடம் மிஞ்சும். எதிரே இரண்டு வண்டிகள் வராத நேரத்தில் நீங்கள் அந்த வழியை எடுப்பதும் சரியாகவே இருக்கும்.